ஒரு நிமிட வாசிப்பும் ஓராண்டுத் திட்டமும்

ஐந்தாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுவனுக்கு நாம் ஒரு சிறு கதையை வாசித்துக் காட்டி, அதைப் பற்றி ஐந்து வினாக்கள் கேட்டால், அவன் ஐந்துக்கும் தயக்கமின்றி விடை கூறுகிறான். அதே அளவும் அதே எளிமையும் உடைய வேறொரு கதையை அவன் கையிலேயே கொடுத்து வாசிக்கச் செய்து கேட்டாலோ, ஒரு வினாவுக்கு மேல் அவனால் விடை கூற முடிவதில்லை. கதையை விளங்கிக்கொள்ளும் அறிவு அவனிடம் உண்டு என்பதற்கு முதற் பரிசோதனையே சாட்சி; இரண்டாவது பரிசோதனையில் அந்த அறிவு எங்கே போய்விட்டது? உபாத்தியாயர் பலர் இதைச் சோம்பல் என்று கொள்வர். தாய்மார் கண்ணில் ஏதோ கோளாறு என்று அஞ்சிக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்வர். வைத்தியரோ பார்வையில் குறையில்லை என்று கூறி அனுப்பிவிடுவார்.

இந்தப் புதிர் புதியதன்று. 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் வைத்தியர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். புத்தி கூர்மையும், விளையாட்டில் திறமையும், கண்பார்வையில் குறையின்மையும் உடைய அச்சிறுவன், ஏழு ஆண்டுகள் கற்பிக்கப்பட்ட பின்னும் எளிய சொற்களையே பெருமுயற்சி செய்து வாசிப்பவனாக இருந்தான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் அபிப்பிராயம். இன்று டிஸ்லெக்சியா என்றும், தமிழில் வாசிப்புக் குறைபாடு என்றும் வழங்கும் நிலையின் முதல் விவரமான குறிப்புகளில் அது ஒன்று.

வாசித்தல் என்பது ஒரே காரியம் போலத் தோன்றினும், அது இரண்டு காரியங்களின் கூட்டு என்பதை 1986இல் காஃப், டன்மர் என்னும் இரு அறிஞர்கள் மிக எளிமையாக எடுத்துக்காட்டினர். எழுத்துக்களைக் கண்டு அவற்றைச் சொற்களின் ஒலியாக மாற்றுவது ஒன்று. அந்தச் சொற்கள் காதில் விழுந்திருந்தால் எவ்வாறு பொருள் கொள்வோமோ அவ்வாறு பொருள் கொள்வது மற்றொன்று. முதலாவதை எழுத்தொலிப்பு என்றும், இரண்டாவதை மொழியுணர்வு என்றும் இக்கட்டுரையில் அழைப்போம். இவ்விரண்டும் கூட்டலில் வரும் எண்களைப் போல ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்வன அல்ல. பெருக்கலில் வரும் எண்களைப் போல, ஒன்று பூச்சியத்தை நெருங்கினால் மற்றது எவ்வளவு பெரிதாயினும் பயன் சிறுத்துவிடும். நம் சிறுவனிடம் மொழியுணர்வு நிறைந்திருக்கிறது, எழுத்தொலிப்பு நலிந்திருக்கிறது.

அவன் எல்லா எழுத்தையும் தவறாக வாசிப்பதில்லையே, மெதுவாகத்தானே வாசிக்கிறான், மெதுவாக வாசித்தால் பொருள் ஏன் மறைய வேண்டும் என்ற ஐயம் இங்கே எழுவது இயல்பு. ஓட்டை வாளியைக் கட்டி ஆழ்கிணற்றில் நீர் இறைப்பவர் இருவரை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்: இருவர் வாளியிலும் ஓட்டை ஒரே அளவினதே ஆயினும், விரைவாக இழுப்பவருடைய வாளி ஏறக்குறைய நிறைந்து மேலே வருகிறது, தயங்கித் தயங்கி இழுப்பவருடையது பாதி வழியிலேயே வற்றிப்போகிறது. கேட்ட சொற்களைச் சில விநாடிகள் தாங்கிவைத்திருக்கும் உடனடி ஞாபகம் நம் அனைவருக்குமே ஓட்டை உடையது. வாக்கியத்தின் பயனிலையை எட்டும்போது எழுவாய் மனத்தில் இருப்பவனுக்கே வாக்கியம் பொருள்படும். தமிழிலோ பயனிலை பெரும்பாலும் இறுதியில்தான் வருகிறது.

எழுத்தொலிப்பு ஏன் நலிகிறது என்பதற்கு, எழுத்துக்கள் கண்ணுக்குத் தலைகீழாகவோ இடம் மாறியோ தோன்றுவதே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1970களில் அமெரிக்காவில் ஃபிராங்க் வெல்லுடினோவும் அவருடைய சகாக்களும் இதை நேர்த்தியான முறையில் பரிசோதித்தனர். ஹீப்ரு மொழி அறியாத சிறுவர்களுக்கு ஹீப்ருச் சொற்களைச் சிறிது நேரம் காட்டி, பின்னர் நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பார்வையிலே பிழை இருந்திருந்தால், வாசிக்க இடர்ப்படும் சிறுவர்கள் இங்கும் பின்தங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் நன்றாக வாசிக்கும் சிறுவர்களுக்குச் சமமாகவே வரைந்தார்கள். எழுத்துருவத்துடன் ஒலி சேராத இடத்தில் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை.

அப்படியானால் குறை ஒலியின் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆனால் ஒலிகளைப் பிரித்துணரும் திறன் குறைந்திருப்பது வாசிப்புக் குறையின் காரணமா, அதன் விளைவா? நிறைய வாசித்துப் பழகியவனுக்கு அந்தப் பழக்கத்தாலேயே ஒலிகளைப் பிரிக்கத் தெரிந்துவிடலாம் அல்லவா? 1978இல் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் ஆகிய இருவரும் இந்த ஐயத்தைக் களையும் வழியொன்றைக் கையாண்டனர். வாசிப்பில் பின்தங்கிய சிறுவர்களை, அவர்களைவிட மூன்று வயதேனும் இளைய, ஆனால் அவர்கள் அளவே வாசிக்கத் தெரிந்த சாதாரணக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். இரு சாராரின் வாசிப்பும் ஒன்றே ஆதலால், வாசிப்பனுபவத்தின் மேல் பழி போட இடமில்லை. அப்போதும், சில சொற்களைக் கேட்டு அவற்றுள் ஒலியால் மாறுபட்ட ஒன்றைப் பொறுக்கும் பரிசோதனையில், மூத்த சிறுவர்களே இளையவர்களைவிட மிகுதியாகத் தவறினார்கள். ஒலிகளைப் பிரித்துணரும் இத்திறனே இன்று ஒலியன் உணர்வு எனப்படுகிறது.

ஆங்கிலத்தில் கண்ட இவ்வுண்மைகள் தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்பது நியாயமே. ஆங்கிலத்தைவிட எழுத்தும் ஒலியும் நெருங்கிப் பொருந்தியிருக்கும் ஜெர்மன் மொழியில், வாசிப்புக் குறைபாடு பிழைகளாக வெளிப்படுவதைவிட மிகுதியும் மந்த கதியாகவே வெளிப்படுகிறது என்பதை ஹைன்ஸ் விம்மர் 1990களில் காட்டினார். தமிழும் பெருமளவு எழுதியவாறே வாசிக்கப்படும் மொழியாதலால், இங்கும் வேகத்தைக் கவனிப்பதற்கு இடமுண்டு. ஆயினும் இருபத்தாறு எழுத்துக்களுக்குப் பதிலாக 247 எழுத்துக்கள் கொண்ட வரிசையில் தேர்ச்சி பெறச் சில ஆண்டுகள் ஆகின்றன. தமிழைப் போலவே உயிர்மெய் வரிசைகள் கொண்ட கன்னடத்தை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்து வரிசையைக் குழந்தைகள் முழுதும் வசப்படுத்த நான்காம் வகுப்புவரை கூடச் செல்வதைக் கண்டார். அன்றியும், 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிரொலியின் குறி மெய்க்கு முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறி இருபுறமும் நின்று எழுத்தைச் சூழ்ந்துகொள்கிறது.

இனித் திட்டத்துக்கு வருவோம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே எழுதப்படும் கல்வித் திட்டம் என்ற ஏற்பாடு, அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கட்டாயமாயிற்று. ஆண்டுக்கொரு முறையேனும் அதை மறுபார்வையிட வேண்டும் என்பதும் அங்கே விதி. இந்தியாவில், மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடுகள், 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டத்தில் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அவற்றைக் குழந்தைகளிடம் கூடிய விரைவில் கண்டறிந்து, ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கைக்கொள்ள வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. நல்லதொரு தனிநபர் கல்வித் திட்டம் ஒரு விஞ்ஞான அனுமானத்தின் இலக்கணம் உடையது: இன்ன உதவியை இன்ன அளவு அளித்தால், இன்ன தேதிக்குள் இன்ன மாற்றம் நிகழும் என்று அது முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. அவ்வாறு சொல்லிவைத்ததனால், அது தவறு என்று தெரியவரும் நாளும் அதிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. இலக்கு, உதவி, மறுபார்வைத் தேதி என்னும் மூன்றில் எது குறைந்தாலும் திட்டம் ஒருபோதும் தவறாத ஒரு நல்லெண்ண வாசகமாகிவிடும்.

ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு ஜூன் மாதத்தில் இத்தகைய திட்டம் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு மாணிக்கம் என்று பெயரிடுவோம். அவன் ஒரு குறிப்பிட்ட பிள்ளையல்லன், அவனைப் பற்றிய எண்களும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவையே. கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட்டு, குறையில்லை என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கு ஒழுங்காக வந்தவன்தான். உளவியல் நிபுணரின் சோதனையிலும் வாசிப்புக் குறைபாடு என்பது உறுதியாயிற்று.

முதற்கண் வேண்டுவது தொடக்கநிலை அளவு. மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி டீனோ 1970களிலும் அதன் பின்னும் வளர்த்த முறை இதற்கு உதவுகிறது: குழந்தை முன்பின் பாராத பத்தியொன்றைக் கொடுத்து, ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் செய்து, சரியாக வாசித்ததை எண்ணுவது. மூன்று விநாடிகள் தயங்கி நின்றால், ஆசிரியரே அதைச் சொல்லிக்கொடுத்து, பிழையாகக் குறித்துக்கொண்டு மேலே செல்லச் சொல்வார். ஆங்கிலத்தில் சொற்களை எண்ணுவார்கள். 'பூ' என்பதும் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பதும் தமிழில் ஒவ்வொரு சொல்லாகவே இருப்பதனால், இங்கே எழுத்துக்களை எண்ணுவதே நியாயமான அளவாகும். மாணிக்கம் இரண்டாம் வகுப்புத் தரத்தில் அமைந்த மூன்று பத்திகளை ஒரே நாளில் வாசித்தபோது, சரியாக வாசித்தவை 46, 58, 51 எழுத்துக்கள். மூன்றில் நடு எண்ணாகிய 51 அவனுடைய தொடக்கநிலை அளவாகக் கொள்ளப்படுகிறது. அதே பத்திகளை அவன் வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைகள் 170 எழுத்துக்கள் அளவில் வாசிக்கிறார்கள்.

ஒரு நிமிட வாசிப்பைக் கொண்டு முழு வாசிப்பாற்றலையும் அறிய இயலுமா என்பது பலர் கேட்ட கேள்வியே. ஆரம்ப வகுப்புக்களில், பொருளுணர்வைச் சோதிக்கும் நீண்ட தேர்வுகளில் ஒரு குழந்தை பெறும் ஸ்தானத்தோடு இந்த எளிய அளவு மிக நெருங்கிச் செல்வதைப் பல ஆய்வுகள் கண்டன. வாளியின் கதி அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. நீண்ட தேர்வை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் நடத்த முடியும். இதையோ வாரந்தோறும் நடத்தலாம்.

எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும் தெரியவேண்டும். அவனுடைய பிழைகளை வகைப்படுத்திப் பார்த்தால், அகர, ஆகார, இகர வரிசைகளில் ஏறக்குறையத் தவறுவதே இல்லை. எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகார வரிசைகளில் 'கொடி'யைக் 'கோடி' என்றும், 'மேலே' என்பதை 'மெலே' என்றும் வாசிக்கிறான். இவ்வைந்து வரிசைகளிலிருந்தும் பன்னிரண்டு எழுத்துக்கள் வீதம் 60 அட்டைகள் எழுதிக் காட்டியபோது, 31 மட்டுமே சரியாயின. புத்தகமே இல்லாமல், 'பட்டம்' என்பதில் 'ட்' என்பதை எடுத்துவிட்டால் என்ன சொல் மிஞ்சும் என்று வாயால் கேட்டபோதும், அவன் நெடுநேரம் யோசித்துத் தவறான விடையே கூறினான்.

இப்போது இலக்கை எழுதலாம். "வாசிப்பில் முன்னேற்றம் அடைவான்" என்று எழுதினால், ஓரெழுத்து கூடினாலும் அது நிறைவேறியதாகிவிடும். ஆதலால் எந்தச் சந்தர்ப்பத்தில், எதைச் செய்து, எவ்வளவு, எப்போது என்னும் நான்கும் அதில் இருக்கவேண்டும். மாணிக்கத்தின் முதல் இலக்கு இவ்வாறு அமைகிறது: மார்ச் 6ஆம் தேதியில், முன்பின் பாராத இரண்டாம் வகுப்புத் தரப் பத்திகள் மூன்றை ஒவ்வொரு நிமிடம் உரக்க வாசிக்கையில், அவற்றின் நடு அளவு 111 எழுத்துக்களாகவும், பிழைகள் ஐந்துக்கு மேற்படாமலும் இருக்கும். இரண்டாவது இலக்கு: நவம்பர் 12ஆம் தேதிக்குள் 60 அட்டைகளில் 55ஐயேனும் பிழையின்றி வாசிப்பான்.

111 என்பது எவ்வாறு வந்தது? விடுமுறைகளும் தேர்வுகளும் நீங்க, மார்ச் முதல் வாரம் வரையில் 30 பாட வாரங்கள் கிடைக்கின்றன. வாரத்துக்கு இரண்டு எழுத்துக்கள் வீதம் 60 கூடவேண்டும் என்று உத்தேசிக்கப்பட்டது. இதற்கு முந்தைய ஆண்டில் தனியுதவி ஏதுமின்றி அவன் வாரத்துக்கு அரை எழுத்து அளவே முன்னேறியிருந்தான் என்று பழைய பதிவு காட்டுமாயின், இரண்டு என்பது தானாக நடந்துவிடக்கூடியதும் அன்று, எட்டாத கனவும் அன்று. தானாகவே நடந்துவிடக்கூடியதை இலக்காக எழுதுவது இத்தகைய திட்டங்களின் பரவலான நோய். 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எண்ட்ரூ என்னும் மாணவர் தொடர்பான வழக்கில், ஏதோ சிறிது பயன் கிடைத்தால் போதும் என்ற வாதத்தைத் தள்ளி, அக்குழந்தையின் நிலைமைக்கேற்ற மெய்யான முன்னேற்றத்தைத் தரும்படி திட்டம் அமைய வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

உதவிகள் இருவகைப்படும், இவற்றைப் பிரித்தெழுதாத திட்டம் குழம்பிவிடும். குறையை நேரே நீக்க முயலும் கற்பித்தல் ஒருவகை. குறை நீங்கும்வரை மற்றப் பாடங்கள் அவனுக்குத் தடைப்படாதபடி செய்யும் சலுகை மற்றொரு வகை. மாணிக்கத்துக்குக் கற்பித்தல் வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம், மூவருக்கு மேற்படாத குழுவில், சிறப்பாசிரியரால் நடத்தப்படும். முதல் ஐந்து நிமிடம் புத்தகமின்றி ஒலிகளைச் சேர்த்தலும் பிரித்தலும். அடுத்த பத்து நிமிடம் எழுத்தட்டைகள். பின்னர் அவ்வெழுத்துக்களால் சொற்களை அமைத்தல். அதன்பின் ஒரே பத்தியை மூன்று முறை வாசித்தல். இறுதியில் அன்று கற்ற சொற்களைக் கேட்டெழுதுதல். 'க்' என்பதோடு 'ஓ' சேர்ந்தால் 'கோ' என்று நம் திண்ணைப் பள்ளிகள் தொட்டு ஒப்பித்துவரும் முறையே இங்கும் பயன்படுகிறது. ஒரே ஒரு வேறுபாடு, அது வரிசையாக ஒப்பிக்கப்படாமல், வரிசை கலைத்துக் கேட்கப்படுகிறது. வரிசையில் ஒப்பிக்கும் பிள்ளை நினைவினால் சொல்கிறானா, கண்ணால் கண்டு சொல்கிறானா என்பது தெரியாது.

சலுகைகள் வேறு தன்மையன. அறிவியல், சமூகவியல் பாடங்கள் அவனுக்கு வாசித்துக் காட்டப்படும். அப்பாடங்களில் வாய்மொழி விடை ஏற்கப்படும். எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. வகுப்பின் முன் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வதில்லை. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோரின் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்கு முதலியவற்றை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் எடுத்துரைக்கிறது. எந்தச் சலுகை தகும், எது தகாது என்பதை அறிய ஒரு வினா போதும்: இத்தேர்வு எதை அளக்க வந்தது? செடிக்கு ஒளி எதற்கு என்ற வினாவை வாசித்துக் காட்டுவதனால் அறிவியல் தேர்வின் அளவு கெடுவதில்லை, இன்னும் சொன்னால் அப்போதுதான் அது அறிவியலை அளக்கிறது. வாசிப்புத் தேர்வின் பத்தியை வாசித்துக் காட்டினாலோ, அளக்க வந்த பொருளே மறைந்துவிடும். சலுகையை மட்டும் அளித்துக் கற்பித்தலை விட்டுவிட்டால், தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்து எல்லோரும் திருப்தியடைய, குழந்தை வாசிக்கத் தெரியாதவனாகவே அடுத்த வகுப்புக்குச் செல்வான்.

மறுபார்வைக்கு ஆகஸ்டு 22, நவம்பர் 12, மார்ச் 6 ஆகிய மூன்று தேதிகள் முன்னதாகவே குறிக்கப்படுகின்றன. இடைப்பட்ட ஒவ்வொரு வாரமும் ஒரு நிமிட வாசிப்பு நடந்து, அதன் எண் ஒரு கட்டத்தாளில் புள்ளியாக இடப்படும். தொடக்கத்தின் 51இலிருந்து முடிவின் 111 வரை ஒரு நேர்கோடும் அத்தாளில் வரையப்படுகிறது. இதை இலக்குக் கோடு என்போம். ஒரு வாரப் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தது கண்டு கலங்குவதும், மேலே எழுந்தது கண்டு மகிழ்வதும் வீண். ஒரே நாளில் மூன்று பத்திகளே 46 என்றும் 58 என்றும் மாறவில்லையா? ஆயினும் அடுத்தடுத்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுமாயின், கற்பித்தலை மாற்ற வேண்டும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. குழந்தை மெய்யாகவே கோட்டின்மேல் சென்றுகொண்டிருந்தால், தற்செயலாக ஒரு புள்ளி கீழே விழும் வாய்ப்புப் பாதி. இரண்டு தொடர்ந்து விழுவது கால். நான்கு தொடர்ந்து விழுவது பதினாறில் ஒன்று. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத எல்லை ஏறத்தாழ அதுதான்.

ஆகஸ்டு 22ஆம் தேதி தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், தாய் ஆகிய நால்வரும் கூடுகின்றனர். எட்டாம் வாரத்தில் கோடு 67இல் நிற்கிறது. கடைசி நான்கு வாரப் புள்ளிகளோ 57, 55, 60, 58. நான்கும் கீழே. முறை பயனற்றது என்று முடிவு கட்டுவதற்கு முன், முறை அளிக்கப்பட்டதா என்பதைப் பார்க்கவேண்டும். பதிவேட்டை விரித்தால், நடந்திருக்க வேண்டிய 32 வகுப்புகளில் நடந்தவை 17 மட்டுமே. சிறப்பாசிரியர் வேறு பள்ளிக்கும் செல்லவேண்டியிருந்தது, அவர் வராத நாளில் பாடமும் நின்றது. உண்ணாத மருந்தைப் பயனில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லையாதலால், அன்றைய கூட்டம் கற்பிக்கும் முறையைத் தொடாமல், காலத்தை மட்டும் திருத்துகிறது. பயிற்சி காலை முதல் பாடவேளைக்கு மாற்றப்படுகிறது. சிறப்பாசிரியர் வராத நாட்களில் வகுப்பாசிரியரே நடத்தும்படி அவருக்கு அம்முறை கற்றுக்கொடுக்கப்படுகிறது. எழுதிய உதவி நடந்ததா என்பதை எண்ணிவைக்காத திட்டத்தில், குறை குழந்தையின் மேலேயே சுமத்தப்பட்டுவிடும்.

நவம்பர் 12ஆம் தேதி, பதினெட்டாம் பாட வாரம். இடையில் 40 வகுப்புகளில் 36 நடந்துவிட்டன. 60 அட்டைகளில் 56 சரியாகி, இரண்டாவது இலக்கு நிறைவேறியது. ஆனால் வேகத்தின் கோடு 87இல் நிற்க, கடைசி நான்கு புள்ளிகள் 71, 75, 72, 74. முதல் எட்டு வாரங்களில் வாரத்துக்கு ஏறக்குறைய ஓரெழுத்தாக இருந்த வளர்ச்சி ஒன்றரைக்குச் சற்று மேல் உயர்ந்திருப்பினும், இரண்டை எட்டவில்லை. மருந்தும் உண்ணப்பட்டது, பயனும் போதவில்லை. ஆகவே இம்முறை அனுமானத்தையே திருத்தவேண்டும். பிழைகளை மீண்டும் வகைப்படுத்திய சிறப்பாசிரியர், தனியெழுத்துக்களிலும் சிறு சொற்களிலும் தயக்கம் தீர்ந்துவிட்டதையும், 'வீட்டிலிருந்து', 'மரங்களுக்கிடையில்' போன்ற நெடுஞ்சொற்களின் முன்னேதான் அவன் நின்றுவிடுவதையும் கண்டார். அச்சொற்களை அவன் இன்னும் எழுத்தெழுத்தாகவே ஏறிக் கடக்கிறான். நன்றாக வாசிப்பவரோ 'இலிருந்து', 'களுக்கு' என்பவற்றை ஒவ்வொரு துண்டாக ஒரே பார்வையில் கொள்கின்றனர். இதற்கேற்ப, எழுத்தட்டைகளுக்குச் செலவான பத்து நிமிடம் சொல்லுறுப்புகளுக்கு மாற்றப்படுகிறது: அடிக்கடி வரும் உருபுகளும் விகுதிகளும் அட்டைகளாகின்றன, நெடுஞ்சொற்கள் பென்சிற் கோட்டால் பிரிக்கப்பட்டு, பின்பு கோடின்றி வாசிக்கப்படுகின்றன.

மார்ச் 6ஆம் தேதி மூன்று பத்திகளில் அவன் சரியாக வாசித்தவை 104, 98, 107. நடு அளவு 104. பிழைகள் நான்கு. இலக்கு 111 ஆதலால், எழுதியபடி திட்டம் தவறியது என்றே பதிவேட்டில் எழுதவேண்டும். ஆனால் எப்படித் தவறியது என்பதை அக்கட்டத்தாள் காட்டுகிறது: கடைசிப் பன்னிரண்டு வாரங்களில் 74 என்பது 104 ஆயிற்று, வாரத்துக்கு இரண்டரை எழுத்து. மாற்றம் செய்த ஒவ்வோரிடத்திலும் புள்ளிகள் ஏறும் சாய்வு மாறியிருக்கிறது. வயது ஏறியதாலோ, பள்ளிக்கு வந்ததாலோ மட்டும் வளர்ச்சி நேர்ந்திருந்தால், அது திருத்தம் செய்த தேதிகளைப் பார்த்துத் திரும்பியிராது. ஒரே குழந்தையை வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்கு வேறு குழுவில்லாத இடத்தில், அவனுடைய முந்தைய கதியே ஒப்புநிலையாகிறது. முழு நிரூபணம் ஆகாவிட்டாலும், இது அபிப்பிராயத்தைவிட உறுதியான சான்று.

இதன் வரம்புகளையும் மறைக்கலாகாது. 104 என்பது அவன் தொடங்கியதைப்போல் இரு மடங்கு. வகுப்புத் தோழர்களின் 170க்கு இன்னும் வெகு கீழே. வாசிப்புக் குறைபாடு உடையவர்களுள் பலர் பிழையின்றி வாசிக்கக் கற்ற பின்னும், பெரியவர்களான பின்னும், மெதுவாகவே வாசிக்கின்றனர். அவர்களுக்குச் சலுகை தற்காலிக ஊன்றுகோலாக இராமல், பொதுத் தேர்வுவரையிலும் அதற்கு அப்பாலும் தொடரவேண்டியதாகும். வேகத்தையே இலக்காக வைப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு: பொருளைக் கவனியாமல் விரைவாக ஒலிக்கும் பழக்கத்தைச் சில பிள்ளைகள் பற்றிக்கொள்வர். ஆகையால் மாதம் ஒருமுறையேனும், வாசித்த பத்தியின் கதையை மாணிக்கம் தன் சொற்களில் கூறும்படி கேட்கப்படுகிறான். எண் உயர்ந்து கதை குறைந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

மார்ச் மாதக் கூட்டத்திலேயே ஆறாம் வகுப்புக்கான திட்டம் எழுதப்படுகிறது. உயிர்மெய் அட்டைகள் இனி வேண்டா. சொல்லுறுப்புப் பயிற்சி முதல் வாரத்திலிருந்தே தொடங்கவேண்டும். பத்திகள் மூன்றாம் வகுப்புத் தரத்தின. விடுமுறையில் நழுவியது எவ்வளவு என்பதை அறிய, ஜூனில் புதிய தொடக்கநிலை அளவு எடுக்கப்படும். வளர்ச்சி வாரத்துக்கு இரண்டரை எழுத்து. முதல் மறுபார்வை ஆகஸ்டு இறுதி வரை காத்திராமல் ஜூலை இறுதியிலேயே நடக்கும், ஏனெனில் வகுப்புகள் நடக்கவில்லை என்பது சென்ற ஆண்டில் எட்டு வாரம் கழித்தே தெரியவந்தது. அவன் செல்லவிருக்கும் உயர்நிலைப் பள்ளியின் வகுப்பாசிரியர் பெயர் இன்னும் தெரியாததால், உதவி அளிப்போர் என்ற கட்டத்தில் ஓரிடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டு, அதை நிரப்பவேண்டிய கடைசித் தேதி பக்கத்திலேயே எழுதப்படுகிறது.